மணிக்கட்டின் மேல் ஒரு மென்கட்டி

மணிக்கட்டின் புறப்பக்கத்தில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நேராகக் கீழிறங்கி வந்தால் விரல் படும் சிறு பள்ளத்தில், சிலருக்கு உருண்டையாக ஒரு கட்டி எழும்பும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கையை உள்ளங்கைப் பக்கமாக மடக்கினால் துருத்திக்கொண்டு தெரியும். புறங்கைப் பக்கமாக மடக்கினால் பாதி மறைந்துவிடும். மேலிருக்கும் தோல் கட்டியோடு ஒட்டாமல் நகரும், கட்டி மட்டும் அடியில் பிடிமானத்தோடு நிற்கும். இந்த இடத்தில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ‘கேங்லியன்’ எனப்படும் நீர்க்கட்டிகள். நரம்பு முடிச்சு விழுந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் இது நரம்பிலிருந்து வருவதில்லை. இது புற்றுநோயும் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

கட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது தண்ணீரோ சீழோ கொழுப்போ அல்ல. கற்றாழை மடலை உரித்ததும் வழியும் கூழைப் போல நிறமற்ற, கெட்டியான, இழுபடும் பசை அது. மூட்டுகள் உரசாமல் வழுக்கிச் செல்ல உதவும் மூட்டு நீர்மத்தில் இருக்கும் ஹையலுரானிக் அமிலமே இதிலும் முக்கியப் பொருள். ஆனால் மூட்டு நீர்மத்தைவிட இது பல மடங்கு கெட்டியானது. இந்தக் கெட்டித்தன்மையை நினைவில் வைத்துக்கொண்டால், மெல்லிய ஊசியால் இதை ஏன் உறிஞ்ச முடிவதில்லை என்பது பின்னால் எளிதில் விளங்கும்.

பசையைச் சுற்றி நார்த்திசுவால் ஆன சுவர் இருக்கிறது. அந்தச் சுவரின் உட்புறத்தில் பசையைச் சுரக்கும் தனிச் செல்படலம் எதுவும் கிடையாது. அதனால் நோய்க்குறியியல் வல்லுநர்கள் இதை முழுமையான நீர்க்கட்டி என்று ஒப்புக்கொள்வதில்லை. நோயாளிக்கு அந்த விவாதம் தேவையில்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டிய உறுப்பு கட்டிக்கு அடியில் இருக்கும் காம்பு. வெளியே உருண்டையாகத் தெரிவது நுனி மட்டுமே. அதன் அடியிலிருந்து ஒரு மெல்லிய காம்பு, விரல்களை நிமிர்த்தும் தசைநாண்களுக்கு இடையே புகுந்து மூட்டுறையைத் துளைத்து உள்ளே போகிறது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டும் இணைப்பு நாரில்தான் புறப்பக்கக் கட்டிகளின் காம்பு வழக்கமாக முடிகிறது.

இந்தக் காம்பின் போக்கை எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைக் கொண்டு கண்டறிந்தார்கள். 1971இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், சாயத்தை மணிக்கட்டு மூட்டுக்குள் செலுத்தியபோது பல நோயாளிகளுக்கு அது கட்டிக்குள் வந்து சேர்ந்தது. கட்டிக்குள் செலுத்திய சாயமோ மூட்டுக்குத் திரும்பவில்லை. காம்பு ஒருவழி வால்வாக வேலை செய்கிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. கையை அதிகம் பயன்படுத்தும் நாட்களில் மூட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது, நீர்மம் காம்பின் வழியே வெளியேறுகிறது, வெளியேறியது திரும்ப வழியில்லாமல் தங்கிக் கெட்டியாகிறது. ஓய்வு கொடுத்தால் அதில் இருக்கும் நீர் மெல்லச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் போய் கட்டி சுருங்குகிறது. ஒரே கட்டி இந்த மாதம் பெரிதாகவும் அடுத்த மாதம் சிறிதாகவும் தெரிவதற்கு இதுவே விளக்கம். இப்படிக் கூடிக் குறைவதே நல்ல அறிகுறி; புற்றுக்கட்டி அப்படி ஏறி இறங்குவதில்லை.

இது முதலில் ஏன் தோன்றுகிறது என்பதில் முழு ஒருமித்த கருத்து இல்லை. மணிக்கட்டு திரும்பத் திரும்ப வளையும்போது அந்த இணைப்பு நாரும் மூட்டுறையும் நுண்ணளவில் கிழிந்து, அங்குள்ள திசு சிதைந்து பசையாக மாறுகிறது என்ற விளக்கமே அதிகம் ஏற்கப்படுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்பவர்களிடமும் மூட்டுகள் இயல்பிலேயே தளர்வாக இருப்பவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுவது அதோடு ஒத்துப்போகிறது. குறிப்பிட்டு ஓர் அடிபட்டதைச் சொல்லும் நோயாளிகள் குறைவே. 20 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தட்டச்சு வேலையால் வந்தது, பாத்திரம் தேய்த்ததால் வந்தது என்று ஒரே ஒரு காரணத்தின் மேல் பழி போடுவது பெரும்பாலும் ஊகம்தான்.

கட்டிக்கு வலி கட்டாயமில்லை. பலருக்கு அது பார்வைக்கு மட்டுமே உறுத்தல். வலிப்பவர்களுக்கு அது மந்தமாக இருக்கும். தரையில் கையூன்றி எழும்போதும், தண்டால் எடுக்கும்போதும், மாவை அழுத்திப் பிசையும்போதும், மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக முழுவதும் மடங்கிப் பாரம் தாங்கும் எந்தச் செயலிலும் கூர்மையாகும். மூட்டுறைக்கு உணர்ச்சி தரும் ஒரு மெல்லிய நரம்பின் கடைசிக் கிளை அந்த இடத்திலேயே ஓடுகிறது, கட்டி அதை அழுத்துகிறது. வலியின் அளவு கட்டியின் அளவைப் பொறுத்ததல்ல. வெளியே எதுவும் தெரியாத அளவுக்குச் சிறிய கட்டி, மூட்டுறைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, பெரிய கட்டியைவிட அதிகமாக வலிப்பதுண்டு. காரணம் புரியாத மணிக்கட்டு வலிக்காக எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில்தான் அவ்வாறான மறைகட்டிகள் அகப்படுகின்றன.

இது கேங்லியன்தானா என்று உறுதி செய்யப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. இருட்டான அறையில் கட்டியின் பக்கவாட்டில் சிறு டார்ச்சை வைத்து அழுத்தினால், உள்ளிருப்பது தெளிவான பசை என்பதால் கட்டி முழுவதும் சிவந்து ஒளிரும். கொழுப்புக் கட்டியிலோ திடமான கட்டியிலோ வெளிச்சம் இப்படிப் பரவாது. அடுத்த சோதனை இன்னும் எளிது. மணிக்கட்டை அசைக்காமல் விரல்களை மட்டும் மடக்கி நிமிர்த்தச் சொல்வார்கள். கேங்லியன் இருந்த இடத்திலேயே இருக்கும். விரல்களோடு சேர்ந்து வீக்கமும் முன்னும் பின்னும் நகர்ந்தால் அது மூட்டிலிருந்து எழுந்த கட்டி அல்ல, தசைநாண்களைச் சுற்றிய உறையில் உள்ள அழற்சி.

இந்த வேறுபாடு மிக முக்கியமானது. தசைநாண் உறை வீங்குவதற்கு முடக்குவாதம் ஒரு காரணம். காசநோய் இன்னும் பரவலாக உள்ள இந்தியாவில் காசநோயும் ஒரு காரணம். காசநோய் வீக்கம் மெதுவாக வளரும், பெரும்பாலும் வலிக்காது, காய்ச்சல் இல்லாமலும் இருக்கும். அதனால் சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவைக்கப்படுவதுண்டு. உறைக்குள் அரிசிமணி போன்ற வெள்ளைத் துகள்கள் நிறைந்திருப்பதும் அதன் இயல்பு. நீள்வாக்கில் பரவிய, விரலோடு நகரும், தொட்டால் மாவு போல இருக்கும் வீக்கத்தை யாரும் கேங்லியன் என்று தள்ளிவிடக் கூடாது.

கல்போல் கெட்டியாக, சற்றும் அமுங்காமல், பள்ளத்தைவிட விரல் பக்கமாக ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அது பெரும்பாலும் உள்ளங்கை எலும்பின் அடிப்பகுதியில் எழுந்த எலும்புப் புடைப்பு. எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், நீர்க்கட்டி எக்ஸ்ரேயில் தெரியாது. இவை இரண்டும் ஒரே கையில் சேர்ந்து இருப்பதும் உண்டு. இயல்புக்கு மாறான கூடுதல் தசை, கொழுப்புக் கட்டி, தசைநாண் உறையில் வரும் திடக்கட்டி, யூரிக் அமிலப் படிவு என்று பட்டியல் இன்னும் நீளும். ஐயம் இருக்கும்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதைத் தீர்த்துவைக்கும். உள்ளே எதிரொலியற்ற கருமையான குழியும், அதிலிருந்து மூட்டை நோக்கிச் செல்லும் காம்பும் தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை. தெளிவாகக் கேங்லியன் என்று தெரியும் ஒருவருக்கு எம்ஆர்ஐ எடுப்பது வீண் செலவு.

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, நாடி பார்க்கும் இடத்திற்கு அருகிலும் கேங்லியன் வரும். அங்கே விதி வேறு. நாடித் தமனி கட்டியை ஒட்டியோ அதன் மேல் வளைந்தோ ஓடுவதால் கண்மூடித்தனமாக ஊசி குத்தக் கூடாது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படுபவை புறப்பக்கக் கட்டிகளுக்கே பொருந்தும்.

நோய் இன்னது என்று தெரிந்த பிறகு எழும் கேள்வி, இதை என்ன செய்வது என்பது. விட்டுவைப்பதே பெரும்பாலோருக்கு முதல் விடை. இங்கிலாந்தின் லெஸ்டரில் மணிக்கட்டுப் புறப்பக்கக் கட்டி இருந்த நோயாளிகளைச் சராசரியாக 6 ஆண்டுகள் கழித்துக் கேட்டறிந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த விடைக்கு வலுவான அடிப்படை. பதில் தந்த 236 பேரில் 103 பேருக்கு அறுவை, 78 பேருக்கு ஊசியால் உறிஞ்சல், 55 பேருக்கு எதுவும் செய்யாமல் ஆறுதல் மட்டும். எதுவும் செய்யப்படாதவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் கட்டி தானாகவே மறைந்திருந்தது. உறிஞ்சியவர்களில் 58 சதவீதம் பேருக்கும், அறுவை செய்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் அது திரும்ப வந்திருந்தது. வலி, பலவீனம் போன்ற தொல்லைகளில் 6 ஆண்டுக்குப் பின் மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மனநிறைவில் வேறுபாடு இருந்தது. அறுவை செய்துகொண்டவர்கள், கட்டி திரும்ப வந்தவர்கள் உட்பட, அதிக நிறைவோடு இருந்தார்கள்.

இந்த முடிவை இரண்டு பக்கமும் இழுக்கலாம். நோயாளிகள் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை. அதிகம் தொல்லைப்பட்டவர்களே அறுவைக்குப் போயிருக்கக்கூடும். அறுவையின் தரமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனாலும் ஒன்று இதிலிருந்து உறுதியாகக் கிடைக்கிறது: வலிக்காத கட்டியை உடனே எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்துக்கு ஆதாரம் இல்லை. குழந்தைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்களின் கட்டிகளில் பெரும்பான்மை ஓரிரண்டு ஆண்டுக்குள் மறைந்துவிடுவதால், பள்ளிப் பிள்ளையை அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வதற்குக் காரணம் வலுவாக இருக்க வேண்டும்.

கட்டியோடு மருத்துவரைப் பார்க்க வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் கவலை அது புற்றுநோயாக இருக்குமோ என்பதுதான். அப்படிப்பட்டவருக்கு டார்ச் வெளிச்சமும், தேவையானால் ஒரு ஸ்கேனும், தெளிவான ஒரு விளக்கமும் போதும். அதற்கு மேல் சிகிச்சை வேண்டியதில்லை.

விட்டுவைப்பது வேறு, வீட்டிலேயே கைவைப்பது வேறு. கட்டியின் மேல் கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைப்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் நடந்த வைத்தியம். வீட்டில் கிடைக்கும் மிகக் கனமான புத்தகம் பைபிள்தான் என்பதால் ஆங்கிலத்தில் அந்தக் கட்டிக்கு அதன் பெயரே வந்தது. 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் லோரென்ஸ் ஹெய்ஸ்டர், காலையில் வெறும் வயிற்று எச்சிலைத் தேய்த்து, ஈயத்தகடு வைத்துப் பல வாரம் கட்டச் சொன்னார். அடித்தால் சுவர் கிழிந்து பசை சுற்றிலும் சிதறி, கட்டி அன்றே மறைவது உண்மைதான். காம்பும் வால்வும் அப்படியே இருப்பதால் சுவர் ஆறியதும் திரும்ப நிரம்பும். அதற்குள் எலும்பு விரிசல் விடலாம், தசைநாண் நசுங்கலாம். ஊசியை நெருப்பில் காட்டி வீட்டிலேயே குத்துவது இதைவிட ஆபத்து. காம்பு மூட்டோடு தொடர்புடையது என்பதால் தோலில் இருக்கும் கிருமி நேராக மூட்டுக்குள் போய்ச் சேரும். மூட்டில் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழியத் தொடங்கும்.

சிகிச்சை தேவைப்படுவது எப்போது? தொழிலையோ அன்றாட வேலையையோ தடுக்கும் வலி சில மாதங்கள் நீடிக்கும்போது, பிடிமானம் குறையும்போது, விரல்களில் மரத்துப்போதலோ பலவீனமோ வரும்போது. பார்வைக்கு உறுத்துகிறது என்பதும் செல்லுபடியாகும் காரணம்தான்; அதைச் சொல்ல நோயாளி வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் அவர் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்: கட்டி போன இடத்தில் தழும்பு நிற்கும், கருநிறத் தோலில் அது தடித்து எழவும் கூடும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. வாரக்கணக்கில் வேகமாக வளரும் கட்டி, 5 சென்டிமீட்டரைத் தாண்டியது, வெளிச்சம் புகாத கெட்டிக் கட்டி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மேல்தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வருவது, ஒரு விரலை நிமிர்த்த முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதைக் கேங்லியன் என்று வைத்துக்கொண்டு கவனிக்காமல் இருக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்து, தேவையானால் திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

சிகிச்சையின் முதல் படி ஓய்வு. மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட்டை 2 முதல் 3 வாரம், வலி தரும் வேலை நேரத்தில் மட்டும் அணிந்தால் அழுத்தம் குறைந்து கட்டி சிறுத்து வலியும் தணியக்கூடும். மாதக்கணக்கில் அணிந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும். கட்டி குணமாவதில் கூடுதல் பலன் இல்லை. வலி நிவாரணி வலியை மட்டும் தணிக்கும். கட்டியின் அளவை எந்த மாத்திரையும் களிம்பும் மாற்றாது.

அடுத்த படி ஊசியால் உறிஞ்சுவது. தோலை மரத்துப்போகச் செய்து, 16 முதல் 18 கேஜ் அளவுள்ள தடித்த ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி உறிஞ்சுவார்கள். ரத்தம் எடுக்கும் மெல்லிய ஊசியில் பசை அசையவே அசையாது. வெளியே வரும் பசை ஒரு மில்லிலிட்டர் அளவுதான் இருக்கும், சிரிஞ்சின் முனையிலிருந்து நூலாய்த் தொங்கும். பசை தெளிவாக இருந்தால் கேங்லியன் என்பது அப்போதே உறுதியாகிவிடும். வலியும் குறைந்து, வெளிநோயாளியாகவே அரை மணியில் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஊசி காம்பைத் தொடுவதில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான பகுப்பாய்வு, உறிஞ்சிய பிறகு கட்டி திரும்ப வருவது 59 சதவீதம் என்று காட்டியது. லெஸ்டர் எண்ணோடு இது நெருங்கியே நிற்கிறது. அப்படியானால் உறிஞ்சுவதில் என்ன பயன்? பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அறுவை தவிர்க்கப்படுகிறது, மற்றவர்களுக்குச் சில மாத நிம்மதி கிடைக்கிறது, சந்தேகம் தீர்கிறது. ஊசியோடு ஸ்டீராய்டு மருந்தும் செலுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. திரும்ப வருவதை அது தடுக்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, அதனால் மேலே தோல் வெளுத்துத் திட்டாகவும், அடியிலுள்ள கொழுப்பு கரைந்து பள்ளமாகவும் ஆகலாம். கருத்த தோலில் அந்த வெள்ளைத் திட்டு கட்டியைவிட எடுப்பாகத் தெரியும் என்பதால், நம் ஊரில் ஸ்டீராய்டை ஊசியில் சேர்க்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அறுவையின் வெற்றி, கட்டியை எவ்வளவு அழகாக உரித்தெடுத்தார்கள் என்பதில் இல்லை. காம்பை எதுவரை தொடர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. கை முழுவதையும் மரத்துப்போகச் செய்து, ரத்தம் கசியாமல் மேற்கையில் பட்டை இறுக்கி, மடிப்புக் கோட்டின் வழியே தோலைக் குறுக்கே சிறிதாகக் கீறுவார்கள். தோலுக்கு அடியில் கட்டைவிரல் பக்கமிருந்து வரும் மெல்லிய உணர்ச்சி நரம்புகளை ஒதுக்கிப் பாதுகாக்க வேண்டும். அவற்றில் ஒன்று வெட்டுப்பட்டால் புறங்கையில் மரத்த திட்டு நிற்கும், சில சமயம் தொட்டாலே சுளீரென வலிக்கும் முடிச்சும் உண்டாகும். பிறகு தசைநாண்களை விலக்கி, காம்பை மூட்டுறைவரை தொடர்ந்து, அது புறப்படும் இடத்தில் மூட்டுறையின் ஒரு சிறு வட்டத்தையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் காம்பை விட்டுவைத்தால் அது திரும்ப முளைக்கும். இணைப்பு நாரையும் சேர்த்து அதிகம் வெட்டினால் ஸ்கேஃபாய்டும் லூனேட்டும் பிரிந்து மணிக்கட்டு உறுதியை இழக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வெட்டுவதே இந்த அறுவையின் நுட்பம். திறந்த மூட்டுறையைத் தைத்து மூடுவதில்லை. தைத்தால் கை உள்ளங்கைப் பக்கம் மடங்காமல் இறுகிவிடும்.

அதே 2015 தொகுப்பில் திறந்த அறுவைக்குப் பின் 21 சதவீதமும், சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி அறுவைக்குப் பின் 6 சதவீதமும் திரும்ப வந்தன. இந்த எண்ணைப் பார்த்து ஆர்த்ராஸ்கோப்பியே மேல் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த எண்களில் பல, கைப்பழக்கம் உள்ள நிபுணர்கள் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் இருந்து வந்தவை. இரண்டு முறைகளையும் குலுக்கல் முறையில் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் ஓராண்டு முடிவில் கட்டி திரும்புவதில் வேறுபாடு இல்லை. சிறிய தழும்பு, வேகமாகக் கை இயங்குதல் ஆகியவை ஆர்த்ராஸ்கோப்பியின் உண்மையான சாதகங்கள்; செலவு அதன் பாதகம்.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும். விரல்களை அன்றே அசைக்கத் தொடங்க வேண்டும், மணிக்கட்டைச் சில நாளில் மெதுவாக மடக்கிப் பழக வேண்டும். எழுத்து வேலைக்கு ஓரிரு வாரமும், பாரம் தூக்குவதற்கு 4 முதல் 6 வாரமும் பிடிக்கும். கையூன்றி முழு உடலையும் தாங்குவது இன்னும் தாமதமாகவே கைகூடும்.

இந்த முடிவுகள் நடைமுறையில் எப்படி அமையும் என்பதைக் காண, கற்பனையாக 31 வயதுப் பரோட்டா மாஸ்டர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வலது மணிக்கட்டில் 8 மாதமாக ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி. கல்யாணச் சமையல் ஒப்பந்தங்கள் வரும் மாதங்களில் பெரிதாகி, வேலை இல்லாத வாரங்களில் சுருங்குகிறது. மாவை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தள்ளும்போது மட்டும் சுரீரென்று வலிக்கிறது. வீச்சுப் பரோட்டா வீசும்போது வலி இல்லை. மாவு பிசைய ஆள் வைக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அது வந்துவிட்டது. சோதனையில் வெளிச்சம் நன்றாகப் பரவுகிறது, விரல் அசைவோடு கட்டி நகரவில்லை, எக்ஸ்ரேயில் எலும்பு இயல்பாக இருக்கிறது. ஆகவே இது வழக்கமான கேங்லியன்.

அவருக்கு முதலில் சொல்லப்படுவது பிசையும் விதத்தை மாற்றுவது. மணிக்கட்டைப் பின்னால் மடக்காமல் முஷ்டியால் அழுத்தினால் அதே விசை மூட்டின் புறப்பக்கத்தை நசுக்காது. வலி தரும் வேலை நேரத்தில் 3 வாரம் ஸ்ப்ளின்ட். வலி பாதியாகக் குறைகிறது, கட்டி அப்படியே இருக்கிறது. முஷ்டியால் பிசைந்தால் வேகம் வரவில்லை என்று அவர் பழைய முறைக்குத் திரும்புகிறார், வலியும் திரும்புகிறது. அடுத்து ஊசி. ஒரு மில்லிலிட்டர் பசை வெளியேறுகிறது. அன்று மாலையே வலி இல்லை. ஐந்தாம் மாதம் கட்டி மீண்டும் எழுகிறது. இங்கே இரண்டாம் முறை உறிஞ்சுவதும் தவறில்லை, ஆனால் ஒருமுறை திரும்பிய கட்டி இரண்டாம் முறையும் திரும்பும் வாய்ப்பே கூடுதல். தொழில் மணிக்கட்டை நம்பி இருப்பதாலும், வலி உறுதியாக இந்தக் கட்டியால்தான் என்று தெரிவதாலும், அவர் அறுவைக்கு ஏற்ற ஆள்.

அறுவை நாளைத் தேர்வதிலும் கணக்கு இருக்கிறது. 6 வாரம் மாவைத் தொடக் கூடாது என்பதால், கல்யாணங்கள் நடக்காத ஆடி மாதத்தின் தொடக்கமே அவருக்குப் பொருத்தம். மூன்று மாதம் கழித்து அவருக்கு அழுத்தும் வலி போயிருக்கிறது. கையை உள்ளங்கைப் பக்கம் முன்பைவிட 10 பாகை குறைவாக மடக்க முடிகிறது, தழும்பின் அருகே ஒரு விரல் நகம் அளவு மரத்திருக்கிறது. இரண்டும் அவர் தொழிலுக்குத் தடையில்லை. அதே கடையில் கல்லாவில் இருப்பவருக்கும் இதே அளவு கட்டி இருந்து, வலி எதுவும் இல்லாமல் இருந்தால், அவர் மேல் கத்தி வைப்பதற்குக் காரணம் கிடையாது. அவருக்கு ஏற்படக்கூடிய சிறு இறுக்கத்துக்கும் மரத்துப்போதலுக்கும் ஈடாக அவர் பெறுவது எதுவும் இல்லை.

அறுவைக்குப் பிறகும் கட்டி திரும்ப வரலாம். வந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே வரும். தையலுக்கு அடியில் சில வாரங்கள் இருக்கும் தடிப்பு திரும்ப வந்த கட்டி அல்ல. அது ஆறும் திசு, மெல்லக் கரையும். உண்மையிலேயே திரும்பியிருந்து வலியும் இருந்தால், இரண்டாம் அறுவைக்கு முன் ஸ்கேன் எடுத்துக் காம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பது அவசியம். முதல் முறை விட்டுப்போன காம்பு ஒன்று அங்கே இருக்கலாம், அல்லது மூட்டின் வேறொரு மூலையிலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியிருக்கலாம். வலி இல்லாமல் கட்டி மட்டும் திரும்பியிருந்தால், முதல் தடவை பொருந்திய விதியே மறுபடியும் பொருந்தும்: அதை விட்டுவைக்கலாம்.